பில்லில் ஜிஎஸ்டி தனியாக இருந்தும் டிடிஎஸ் கூடப் பிடித்திருந்தால்: வகுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

2024 அக்டோபர் முதல் வாரம். களக்காட்டுப் பக்கத்துக் கான்ட்ராக்டர் அண்ணாச்சி ஒருவர் பாளையங்கோட்டையில் நான் கணக்கு எழுதும் அறைக்கு வந்தார். கையில் பில் நகலும் பாஸ்புக்கும். ஒரு கல்லூரி விடுதிக்குப் பூச்சு வேலையும் பெயின்ட் வேலையும் முடித்துக் கொடுத்திருந்தார். சாமானும் கூலியும் அவருடையதே. பில் இப்படி இருந்தது:

வேலை மதிப்பு: 4,00,000
சிஜிஎஸ்டி 9%: 36,000
எஸ்ஜிஎஸ்டி 9%: 36,000
மொத்தம்: 4,72,000

பாஸ்புக்கில் வரவு 4,67,280. மீதி 4,720-ஐக் கல்லூரி டிடிஎஸ்ஸாக, அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரியாக, பிடித்திருந்தது.

"தம்பி, போன வருசம் அம்பாசமுத்திரத்து ரைஸ்மில்லுல இதே அளவு பில்லுக்கு நாலாயிரம்தான் பிடிச்சாங்க. இவங்க நாலாயிரத்து எழுநூத்தி இருபது பிடிச்சிருக்காங்க. ஒரு சதவீதம்னா எல்லா எடத்துலயும் ஒண்ணுதானே?"

அவர் கேட்டது சரியான கேள்வி. 720 ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் வருடத்துக்குப் பத்து பில் போடுகிறவருக்கு ஒவ்வொரு பில்லிலும் இப்படிப் போனால், கைமுதல் அந்த அளவுக்கு முடங்கும். அதைவிடப் பெரிய தொந்தரவு, வருடக் கடைசியில் வருமான வரிக் கணக்கில் வரவுத் தொகை பொருந்தாமல் நிற்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த மாதிரிக் கேள்வியோடு யார் வந்தாலும் நான் முதலில் செய்வது ஒரே கணக்குதான். பிடித்த தொகையை, பில்லில் ஜிஎஸ்டிக்கு முந்தைய வேலை மதிப்பால் வகுத்து, நூறால் பெருக்குவது. எக்ஸெலில் வேலை மதிப்பு B2-வில், பிடித்தம் D2-வில் இருந்தால்:

```
=ROUND(D2/B2*100,2)
```

வகுப்பது வேலை மதிப்பால்தான். கைக்கு வந்த பணத்தால் வகுக்கக் கூடாது. வேலை ஒழுங்காக நிற்கிறதா என்று பார்க்க 5% நிறுத்தி வைப்பார்கள். பில்லை முழுதாகக் கணக்கில் எழுதிவிட்டால், அப்படி நிறுத்தி வைத்த பகுதிக்கும் சேர்த்துத்தான் டிடிஎஸ் பிடிப்பார்கள். அதனால் கைக்கு வந்த தொகையால் வகுத்தால் இல்லாத தப்பு இருப்பது போலத் தெரியும்.

அண்ணாச்சி பில்லுக்கு விடை 1.18 வந்தது. அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிட்டது.

விடை 1.18 அல்லது 2.36 வந்தால்

வேலை மதிப்புக்குப் பதிலாக மொத்த பில் தொகையில் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 4,72,000-இல் 1% என்பது 4,720. ஜிஎஸ்டி 18% என்பதால் 1 என்பது 1.18 ஆகிறது, 2% பிடிக்க வேண்டிய இடத்தில் 2.36 ஆகும். ஜிஎஸ்டி 5% உள்ள பில் என்றால் 1.05 வரும்.

கான்ட்ராக்ட் வேலைக்கு அப்போது டிடிஎஸ் பிடித்தது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவில். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்து, சம்பளம் தவிர்த்த டிடிஎஸ் எல்லாம் 393-ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. இந்த பில் 2024-25-ஐச் சேர்ந்தது என்பதால் பழைய எண்களையே சொல்கிறேன்.) ஜிஎஸ்டி வந்த கையோடு, 2017 ஜூலை 19 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 23/2017 என்ற சுற்றறிக்கையை வெளியிட்டது. ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய தொகையில் சேவைக்கான ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால், அந்த ஜிஎஸ்டியை விட்டுவிட்டு மீதிக்கு மட்டும் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜிஎஸ்டி கான்ட்ராக்டருடைய வருமானம் இல்லை. அவர் வாங்கி அரசுக்குக் கட்டுகிற பணம். அதில் வருமான வரி பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

இதில் "தனியாகக் காட்டப்பட்டிருந்தால்" என்பதுதான் முக்கியம். பில்லில் 4,72,000 என்று ஒரே தொகையாக எழுதி, பக்கத்தில் "வரி உட்பட" என்று மட்டும் போட்டிருந்தால், முழுத் தொகையில் பிடித்த கல்லூரி அக்கவுண்டன்ட் மேல் குறை சொல்ல முடியாது. சுற்றறிக்கை பேசுவது ஒப்பந்தத்தைப் பற்றி என்பதால், பில்லோடு சேர்த்து வொர்க் ஆர்டரையும் பார்ப்பேன். பில்லில் பிரித்துக் காட்டி, வொர்க் ஆர்டரில் "எல்லா வரியும் சேர்த்து" என்று இருந்தால் அங்கே ஒரு வாக்குவாதம் வரும். அண்ணாச்சியின் வொர்க் ஆர்டரில் "ஜிஎஸ்டி தனி, அமலில் உள்ள விகிதப்படி" என்று தெளிவாகவே இருந்தது. ஆக, பிடித்தது தப்பு.

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் ஆகியோர் பில்லில் ஜிஎஸ்டி தனியாகப் போட முடியாது. அவர்களுக்கு முழுத் தொகையில் பிடிப்பதுதான் முறை. அங்கே 1.18 வரவும் வராது. வேலை மதிப்பும் மொத்தமும் ஒன்றுதான்.

சரி, தப்பு என்று தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன செய்வது? அது தேதியைப் பொறுத்தது. அண்ணாச்சிக்குப் பணம் வந்தது செப்டம்பர் 24-இல். அந்த மாதம் பிடித்த டிடிஎஸ்ஸை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சலான் போட்டுக் கட்ட வேண்டும். அவர் என்னிடம் வந்தது அக்டோபர் 3. நாலு நாள் இருந்தது. கல்லூரிக் கணக்கு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் இதை வருடக்கணக்கில் இப்படியே செய்து வந்திருக்கிறார். கோபப்படவில்லை. சுற்றறிக்கை எண்ணையும் வொர்க் ஆர்டரையும் காட்டியதும், "சலான் இன்னும் போடலை, மாத்திடலாம்" என்றார். பிடித்தத்தை 4,000 என்று திருத்தி, மறுநாளே 720-ஐ அண்ணாச்சி கணக்கில் போட்டுவிட்டார்கள்.

அங்கேயே அண்ணாச்சிக்கு ஜூன் மாத பில் ஞாபகம் வந்தது. அதே கல்லூரி, தண்ணீர்த் தொட்டி வேலை. வேலை மதிப்பு 2,00,000, ஜிஎஸ்டி 36,000. பிடித்தது 2,360. வகுத்தால் அதே 1.18. ஆனால் இது கைவிட்டுப் போயிருந்தது. சலான் ஜூலை 7-க்குள் கட்டியாயிற்று. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்கு, யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்று சொல்லும் 26க்யூ ரிட்டர்னும் ஜூலை 31-க்குள் கொடுத்தாயிற்று. இந்த நிலையில் கூடப் பிடித்த 360-ஐக் கல்லூரியிடம் திருப்பிக் கேட்டு மல்லுக்கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பணம் அரசிடம் அண்ணாச்சியின் பான் எண்ணில்தான் இருக்கிறது. வருடக் கடைசியில் வருமான வரி ரிட்டர்ன் போடும்போது 2,360-ஐயும் முழுதாக வரவு எடுத்துக்கொள்ளலாம். வரி அவ்வளவு வராவிட்டால் ரீஃபண்டாக வரும். பணம் நஷ்டமில்லை, தாமதம் மட்டும்தான்.

விடை 2 வந்தால்

கான்ட்ராக்டர் தனி ஆள் அல்லது இந்துக் கூட்டுக் குடும்பம் என்றால் 1%. பார்ட்னர்ஷிப், கம்பெனி என்றால் 2%. நம் ஊரில் தப்பு வருவது பெயரால். ஒரே ஆள் நடத்தும் தொழிலுக்கும் "கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்", "அசோசியேட்ஸ்" என்று லெட்டர்பேடில் போட்டுக்கொள்வோம். பணம் கொடுக்கிற இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, பெரிய நிறுவனம் என்று நினைத்து 2% போட்டுவிடுவார்கள்.

இதைத் தீர்க்க பான் எண்ணின் நாலாவது எழுத்தைப் பார்த்தால் போதும். P என்றால் தனி ஆள், H என்றால் கூட்டுக் குடும்பம், F என்றால் பார்ட்னர்ஷிப், C என்றால் கம்பெனி. P இருந்தும் 2% பிடித்திருந்தால் பான் கார்டு நகலைக் கொடுத்து, சலான் போடும் முன் மாற்றச் சொல்லலாம். F இருந்தால் 2% சரிதான், புலம்புவதில் பயனில்லை.

விடை 20 என்று வந்தால் பான் எண்ணே கொடுக்கவில்லை, அல்லது ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்திருக்கிறது என்று பொருள். அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

விடை 1-க்குக் கீழே வந்தால்

இதில் கான்ட்ராக்டருக்குச் சந்தோஷம், பணம் கொடுப்பவருக்குச் சங்கடம். 4,00,000-க்கு 1,600 மட்டும் பிடித்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம், விடை 0.4. பெரும்பாலும் இது சிமென்ட், மணல், பெயின்ட் விலையைக் கழித்துவிட்டு, கூலிப் பகுதி 1,60,000-க்கு மட்டும் பிடித்ததால் வருவது. சாமான் விலையைக் கழிக்கும் வழி சட்டத்தில் இருக்கிறதுதான். ஆனால் அது, வேலை கொடுப்பவரிடமே சாமான் வாங்கி அவர் சொன்ன அளவில் பொருள் செய்து கொடுக்கும் வேலைக்கு, அதுவும் பில்லில் சாமான் விலை தனியாகக் காட்டியிருந்தால் மட்டும். கான்ட்ராக்டர் கடையில் சாமான் வாங்கி, சேர்த்துக் கட்டிக் கொடுக்கிற வேலைக்கு அது பொருந்தாது. ஜிஎஸ்டியை மட்டும் விட்டுவிட்டு, 4,00,000 முழுவதற்கும் பிடிக்க வேண்டும்.

குறைவாகப் பிடித்த தொகைக்கு மாதம் 1% வட்டி கட்ட வேண்டியது பணம் கொடுத்தவர். அவர் பின்னால் கான்ட்ராக்டரைத் தேடி வருவார். அந்த மனஸ்தாபம் வருமுன் நாமே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். அண்ணாச்சியும் ரைஸ்மில்லில் ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறார்.

விடை 3, அல்லது அதற்கும் மேல் வந்தால்

ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, அரசுத் துறை போன்ற இடங்களில் வேலை செய்தால் இப்படி வரும். இது தப்பு இல்லை. இரண்டு வேறு பிடித்தங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பிடித்தம் போலத் தெரிகிறது.

ஒன்று நாம் பேசும் வருமான வரி டிடிஎஸ். இன்னொன்று ஜிஎஸ்டி சட்டத்தின் 51-ஆம் பிரிவில் வரும் டிடிஎஸ். 2018 அக்டோபர் 1 முதல் பிடிக்கிறார்கள். ஒப்பந்த மதிப்பு, ஜிஎஸ்டி சேர்க்காமல், 2,50,000-ஐத் தாண்டினால் 2%. தமிழ்நாட்டுக்குள் நடக்கும் வேலைக்கு மத்திய வரியில் 1%, மாநில வரியில் 1%. இதுவும் வேலை மதிப்புக்குத்தான், ஜிஎஸ்டிக்கு இல்லை. அண்ணாச்சியின் அதே 4,00,000 பில்லை ஓர் ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்திருந்தால் வருமான வரிக்கு 4,000, ஜிஎஸ்டி டிடிஎஸ்ஸுக்கு 8,000, ஆக 12,000 போய் 4,60,000 வரும். கட்டுமான வேலை என்பதால் தொழிலாளர் நலனுக்கான 1% செஸ்ஸும் பிடிப்பார்கள். அதையும் சேர்த்தால் விடை 4 ஆகிவிடும். பிடித்த விவரச் சீட்டைக் கேட்டு வாங்கி, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பிரித்த பிறகே வகுக்க வேண்டும்.

நிறையப் பேர் பணத்தை விட்டுவிடுவது இங்கேதான். ஜிஎஸ்டி டிடிஎஸ் 8,000 வருமான வரிப் பக்கத்தில், நம் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸில் வராது. அங்கே தேடிவிட்டு "ஆபீஸில் கட்டவில்லை" என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஜிஎஸ்டி தளத்தில் இருக்கும். பிடித்த அலுவலகம் ஜிஎஸ்டிஆர்-7 ரிட்டர்ன் போட்ட பிறகு, இந்த இடத்தில் பாருங்கள்:

```
Services > Returns > TDS and TCS credit received
```

மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் தொகை தெரியும். நாமே ஏற்றுக்கொள்வதாகக் குறித்து ஃபைல் செய்தால்தான் அது மின்னணு ரொக்கக் கணக்குக்கு வரும். வந்த பிறகு மாதாந்திர ஜிஎஸ்டி கட்ட அந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம். ஏற்காமல் விட்டால் அங்கேயே கிடக்கும். பத்து நிமிட வேலைக்காக ஆயிரக்கணக்கான ரூபாய் தூங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

கடைசி சில்லறை பில்லில் மட்டும் திடீரென்று அதிகம் பிடித்தால்

ஒரு பில் 30,000-ஐத் தாண்டாமலும், வருடத்தில் ஒரே இடத்திலிருந்து வந்தது எல்லாம் சேர்த்து 1,00,000-ஐத் தாண்டாமலும் இருந்தால் டிடிஎஸ் இல்லை. 28,000, 29,000, 27,000 என்று மூன்று சின்ன வேலைக்கு ஒன்றும் பிடிக்காமல் இருந்து, நாலாவது 26,000 பில்லில் 1,100 பிடித்தால் அது 4.23% போலத் தெரியும். உண்மையில் மொத்தம் 1,10,000 ஆகிவிட்டதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1% பிடித்திருக்கிறார்கள். நாலு பில்லையும் கூட்டி வகுத்தால் 1 வந்துவிடும்.

வகுத்தால் சரியாக வருகிறது, ஆனால் 26ஏஎஸ்ஸில் வேறு தொகை இருக்கிறது

வருமான வரித் தளத்தில் இப்படிப் போனால் 26ஏஎஸ் வரும்:

```
e-File > Income Tax Returns > View Form 26AS
```

அண்ணாச்சிக்கு ஜூன் பில்லின் வரவு அதில் 2,36,000 என்று இருந்தது. கல்லூரி 26க்யூவில் மொத்தத் தொகையையே எழுதியிருந்ததுதான் காரணம். செப்டம்பர் பில்லுக்குத் திருத்தி எழுதியதால் 4,00,000 என்று சரியாக வந்தது. ஆக அந்தக் கல்லூரியிலிருந்து வரவு 6,36,000, டிடிஎஸ் 6,360. அவர் ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய விற்பனையோ 6,00,000.

இதைக் கவனிக்காமல் ரிட்டர்ன் எழுதுபவர்கள் 26ஏஎஸ்ஸில் உள்ள 6,36,000-ஐயே வருமானப் பக்கம் போட்டுவிடுகிறார்கள். "அரசாங்கத்துல இருக்குற தொகைதானே, வம்பு வேண்டாம்" என்று. அப்படிப் போட்டால், அரசுக்குக் கட்டிவிட்ட 36,000 ஜிஎஸ்டியும் கான்ட்ராக்டரின் வரவு ஆகிவிடுகிறது. அதன்மேல் லாபக் கணக்கும் வரியும் ஏறும். மறுபக்கம், 6,00,000 மட்டும் போட்டு டிடிஎஸ் முழுவதையும் எடுத்தால், வரவு குறைகிறது என்று துறையிலிருந்து கேள்வி வரலாம்.

நான் 6,00,000-தான் போடுவேன். கூடவே ஒரு தாளில் பில் எண், தேதி, வேலை மதிப்பு, ஜிஎஸ்டி, மொத்தம், பிடித்தம், 26ஏஎஸ் தொகை என்று வரிசையாக எழுதி, வித்தியாசம் 36,000 முழுவதும் ஜூன் பில்லின் ஜிஎஸ்டி என்று காட்டி, அந்த மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் நகலையும் சேர்த்து வைப்பேன். வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கைப் பக்கத்தில் அந்த ஒரு வரியைத் திறந்து `Information is not fully correct` என்பதைத் தேர்ந்தெடுத்துச் சரியான தொகையைப் பதிவு செய்யலாம். பின்னால் கேள்வி வந்தால் அந்தத் தாளே பதில்.

டிடிஎஸ்ஸே 26ஏஎஸ்ஸில் இல்லை என்றால் முதலில் மாதத்தைப் பாருங்கள். செப்டம்பரில் பிடித்தது, அந்தக் காலாண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியான அக்டோபர் 31 கழிந்து, அது பதிவான பிறகே தெரியும். அதற்கு முன் தேடினால் இருக்காது. நவம்பர் நடுவில் டிடிஎஸ் சான்றிதழான ஃபார்ம் 16ஏ கேட்டு வாங்கி, அதில் பான் எண் நம்முடையதுதானா என்று எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் நம் கணக்குக்கு வராது. அதைத் திருத்தப் பணம் கொடுத்தவரால் மட்டுமே முடியும். திருத்த ரிட்டர்ன் போட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மார்ச் மாதம் அதே கல்லூரியில் சுற்றுச்சுவர் வேலைக்கு அண்ணாச்சி புது வொர்க் ஆர்டர் வாங்கினார். கையெழுத்துப் போடும் முன் போனில் கூப்பிட்டு, "ஜிஎஸ்டி தனின்னு மூணாவது வரில இருக்கு தம்பி, பான் நகலும் சேத்துக் குடுத்துட்டேன்" என்றார். ஏப்ரலில் வந்த பில்லை வகுத்துப் பார்த்தேன். 1.00.